.mkv என்பதை .mp4 என்று மாற்றினால் என்ன நடக்கிறது? பெயர் மாற்றுவதா, ரீமக்ஸா, முழு என்கோடா?

பென்டிரைவில் ஒரு படம் இருக்கிறது. டிவியில் செருகினால் பட்டியலில் அந்தப் படமே தெரியவில்லை. கோப்பின் பெயர் `padam.mkv`. டிவியின் கையேட்டில் எம்பி4 ஓடும் என்று போட்டிருக்கிறது. கணினிக்குத் திரும்பிப் போய், பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை அழித்து `padam.mp4` என்று மாற்றி மறுபடி செருகினால், இப்போது படம் பட்டியலில் வந்துவிடுகிறது. அழுத்தினால் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றுகிறது. அப்புறம் "இந்த வடிவத்தை இயக்க முடியாது" என்று ஒரு செய்தி.

பட்டியலில் வந்ததும் ஓடாமல் போனதும் இரண்டு தனித்தனி வேலைகளின் விளைவு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான், இந்தப் படத்தை ஓட வைக்க எந்த வழியை எடுப்பது என்று தெளிவாக முடிவு செய்ய முடியும். எடுக்கக்கூடிய வழிகள் ஐந்து. அவற்றில் மிகக் கடினமான வழியைத்தான் பலரும் தேவையில்லாமல் எடுக்கிறார்கள். பல மணி நேரம் கணினியை ஓடவிட்டு, படத்தின் தரத்தையும் கொஞ்சம் இழக்கிறார்கள்.

பெயர் எங்கே இருக்கிறது, படம் எங்கே இருக்கிறது

கோப்பின் பெயர் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. அது டிஸ்க்கின் அட்டவணையில் இருக்கும் ஒரு பதிவு. பெயரை மாற்றும்போது அந்தப் பதிவு மட்டும்தான் திருத்தப்படுகிறது. படம் இருக்கும் பைட்டுகளில் ஒன்றுகூட நகராது. 3.6 ஜிபி கோப்பின் பெயரை மாற்ற ஒரு நொடிகூட ஆகாததற்குக் காரணம் அதுதான். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளவைப் பைட் கணக்கில் பாருங்கள், ஒரே எண்தான் இருக்கும். கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிடும் `sha256sum` கட்டளையைப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

டிவி பென்டிரைவைப் படிக்கும்போது முதல் வேலை பட்டியல் போடுவது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்க நேரமாகும் என்பதால் பல டிவிகள் எக்ஸ்டென்ஷனை மட்டும் பார்த்து, தெரிந்த எழுத்துகள் இருந்தால் சேர்க்கும், இல்லையென்றால் விட்டுவிடும். பெயரை மாற்றியதும் படம் பட்டியலில் தோன்றியது இதனால்தான். கணினியில் இரட்டை க்ளிக் செய்தால் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதை விண்டோஸ் முடிவு செய்வதும் இதே எழுத்துகளை வைத்துத்தான்.

இரண்டாவது வேலை, கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் படிப்பது. இங்கே எக்ஸ்டென்ஷனுக்கு மதிப்பில்லை, கோப்பின் ஆரம்ப பைட்டுகளுக்குத்தான் மதிப்பு. எம்கேவி கோப்பு எப்போதும் இந்த நான்கு பைட்டுகளோடு தொடங்கும்:

```
1A 45 DF A3
```

எம்பி4 கோப்பின் அமைப்பே வேறு. அது சிறு சிறு பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டியின் முதல் நான்கு பைட் அந்தப் பெட்டியின் அளவு, அடுத்த நான்கு பைட் அதன் பெயர். முதல் பெட்டியின் பெயர் வழக்கமாக `ftyp`. அப்புறம் `moov` என்று ஒரு பெட்டி இருக்கும். எந்தக் காட்சிச் சட்டகம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்ற முழு அட்டவணையும் அதில்தான். `moov` இல்லாமல் எம்பி4 இயக்கியால் ஒரு சட்டகத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது, எக்ஸ்டென்ஷனை நம்பி எம்பி4 முறையிலேயே படிக்கத் தொடங்கும் ஒரு டிவி இந்தக் கோப்பைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நான்கு பைட்டை அளவு என்று எடுத்துக்கொள்ளும். `1A45DFA3` என்பதை எண்ணாக மாற்றினால் 44,07,86,851. அதாவது முதல் பெட்டியே ஏறத்தாழ 440 எம்பி என்று அதற்குத் தோன்றும். பெட்டியின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலோ எழுத்தாகவே வாசிக்க முடியாத பைட்டுகள். கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் அங்கேயே நின்று பிழை சொல்லிவிடும். அவ்வளவு கவனம் இல்லாதது, தெரியாத பெட்டி போலிருக்கிறது என்று 440 எம்பி தாண்டிக் குதித்து, படத்தின் நட்டநடுவே ஏதோ ஓரிடத்தில் விழுந்து, அங்கே கிடக்கும் நான்கு பைட்டை மறுபடி அளவு என்று படிக்கும். எங்கே தேடினாலும் `moov` கிடைக்காது. வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கைவிடுவது இப்படித்தான்.

பெயர் மாற்றினாலே ஓடியதே என்கிறவர்களுக்கு

அதுவும் பொய்யில்லை. பெயரை மாற்றிய கோப்பு விஎல்சியிலோ எம்பிவியிலோ அழகாக ஓடும். ஆனால் மாற்றாமல் இருந்தாலும் அவை ஓட்டியிருக்கும். இந்த இயக்கிகள் உள்ளே எட்டிப்பார்த்து, `1A 45 DF A3` இருந்தால் எம்கேவி என்று தாமாகவே புரிந்துகொள்கின்றன. பெயர் தப்பு என்பதைக் கண்டுகொள்ளாமல் சரியான முறையில் படிக்கின்றன. பார்ப்பவருக்கோ, மாற்றம் வெற்றி பெற்றுவிட்டதாகத் தோன்றுகிறது. இந்த நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு நல்ல இயக்கிகள்தான் காரணம் என்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வடிவங்கள் உண்மையிலேயே நெருங்கிய உறவுக்காரர்கள். எம்பி4 வடிவம் குவிக்டைம் வடிவத்திலிருந்து பிறந்தது, ஆகவே `.mov` என்பதை `.mp4` என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். வெப்எம் என்பது எம்கேவியின் சுருக்கப்பட்ட வகைதான், எனவே `.webm` என்பதை `.mkv` என்று மாற்றுவதில் தவறே இல்லை. இங்கெல்லாம் உள்ளே இருந்த பொருளுக்குப் புதுப் பெயரும் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். எம்கேவிக்கும் எம்பி4க்கும் அப்படிப்பட்ட உறவு கிடையாது.

ஆக, பெயர் மாற்றுவது என்ற முதல் வழி ஒரே ஒரு சூழ்நிலையில்தான் சரி: கோப்புக்கு முன்பே தப்பான பெயர் இருந்து, அதைத் திருத்துகிறீர்கள் என்றால். மற்ற நேரங்களில் அது அப்போதைக்கு ஒன்றும் கெடுக்காது. மறுபடி பழைய பெயரை வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் அப்படியே விட்டுவைத்தால் பின்னால் தொல்லை. இணையச் சர்வர் அந்தப் பெயரைப் பார்த்து `video/mp4` என்று அறிவிக்கும். அந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பினால், எம்பி4தானே, ஏன் ஓடவில்லை என்று அவர் வேறெங்கோ கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார்.

விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைக்கும். அந்த நிலையில் நீங்கள் `padam.mp4` என்று பெயர் கொடுத்தால் கோப்பின் உண்மையான பெயர் `padam.mp4.mkv` ஆகிவிடும். அப்போது எக்ஸ்டென்ஷன்கூட மாறியிருக்காது.

முடிவெடுப்பதற்கு முன் உள்ளே பார்ப்பது

கோப்பு ஓடவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உள்ளே இருக்கும் காட்சி, ஒலி, சப்டைட்டில் எல்லாவற்றையும் கட்டிவைத்திருக்கும் அமைப்பு எது? அதுதான் கன்டெய்னர்: எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் இந்த வகை. அந்தக் காட்சியும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன? அது கோடெக்: எச்.264, எச்.265, ஏஏசி, டிடிஎஸ் போன்றவை. இரண்டையும், ffmpeg என்ற இலவச மென்பொருளோடு வரும் `ffprobe` கட்டளை ஒரே தடவையில் காட்டிவிடும்.

```
ffprobe -hide_banner padam.mp4
```

நம்முடைய கோப்புக்கு, தேவையற்ற வரிகளை விட்டுவிட்டால், வரும் விடை இப்படி இருக்கும்:

```
Input #0, matroska,webm, from 'padam.mp4':
  Duration: 02:00:00.00, bitrate: 3970 kb/s
  Stream #0:0: Video: h264 (High), yuv420p, 1920x1080
  Stream #0:1: Audio: dts (DTS), 48000 Hz, 5.1(side), 768 kb/s
  Stream #0:2: Subtitle: subrip
```

முதல் வரியே கதையைச் சொல்லிவிடுகிறது. பெயர் `padam.mp4`, ஆனால் உள்ளே `matroska`, அதாவது எம்கேவி. இரண்டாவது ஸ்ட்ரீம் வரியையும் கவனியுங்கள், ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கிறது. டிடிஎஸ்ஸைப் படிக்கும் வசதி இல்லாத டிவிகள் நிறைய. ஆகவே கன்டெய்னரை மட்டும் சரி செய்தால் படம் ஓடும், சத்தம் வராது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வேலையை ஆரம்பிப்பவர்களுக்குத்தான் அதை இரண்டு மூன்று முறை செய்ய நேரிடுகிறது.

பெயரை இங்கேயே `padam.mkv` என்று திருப்பி வைத்துவிடுங்கள். ffmpeg உள்ளே பார்த்துத்தான் படிக்கும், பெயரால் அதற்குக் குழப்பமில்லை. ஆனால் வெளியீட்டுக்கும் `padam.mp4` என்றே பெயர் கொடுக்கப் போகிறோம், உள்ளீடும் வெளியீடும் ஒரே பெயரில் இருந்தால் அது மறுத்துவிடும்.

வேறு இயக்கி, ரீமக்ஸ், ஒலி மட்டும், முழு என்கோட்

பார்க்கப் போவது கணினியிலோ போனிலோ என்றால் எதையும் மாற்ற வேண்டாம். விஎல்சி போன்ற ஓர் இயக்கியை நிறுவினால் போதும். அது எம்கேவியையும் படிக்கும், டிடிஎஸ்ஸையும் படிக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு அழிக்கப்போகும் படத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. செயலிகளை நிறுவ முடிகிற டிவி என்றால் அங்கேயும் இதே வழியை முதலில் முயலலாம். இயக்கியை மாற்ற முடியாத சாதனம், எடிட்டிங் மென்பொருள், எம்பி4 மட்டும் ஏற்கும் தளம் என்றால்தான் கோப்பில் கை வைக்க வேண்டிவரும்.

அப்படிக் கை வைக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது ரீமக்ஸ். பெயர் மாற்றினால் நடந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்களே, அந்த வேலையை உண்மையில் செய்வது இதுதான். காட்சியையும் ஒலியையும் எம்கேவியிலிருந்து அப்படியே எடுத்து, எம்பி4 பெட்டிகளுக்குள் வைத்து, `moov` அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது.

```
ffmpeg -i padam.mkv -map 0:v:0 -map 0:a:0 -c copy -movflags +faststart padam.mp4
```

`-c copy` என்பதுதான் இதன் உயிர். சுருக்கப்பட்ட காட்சியை விரிக்காதே, திரும்பச் சுருக்காதே, அப்படியே நகலெடு என்று பொருள். அதனால் தரம் ஓர் அணுவும் குறையாது. நேரமும் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க ஆகும் நேரம்தான், டிஸ்க்கின் வேகத்தைப் பொறுத்தது. `+faststart` கோப்பின் கடைசியில் எழுதப்படும் `moov` பெட்டியை முன்னால் கொண்டுவருகிறது. இணையம் வழியாகப் பார்க்கும்போது படம் சீக்கிரம் தொடங்க இது உதவும், பென்டிரைவுக்கு அவ்வளவு அவசியமில்லை.

உள்ளே எச்.264 காட்சியும் ஏஏசி ஒலியும் இருந்தால் இந்த ஒரு கட்டளையோடு வேலை முடிந்தது. காட்சி எச்.265 ஆக இருந்து, ஆப்பிள் சாதனத்தில் ஓட வேண்டும் என்றால் `-tag:v hvc1` என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோடெக்கைப் படிக்கும் வசதி இருந்தும் அதன் இயக்கி கோப்பை ஏற்க மறுக்கும். இங்கே ஒரு நான்கு எழுத்துக் குறிதான் மாறுகிறது. ஆனால் அந்தக் குறி கோப்புக்குள்ளேயே இருப்பதால் இயக்கி அதைப் பார்க்கிறது.

நம்முடைய படத்துக்கு ரீமக்ஸ் மட்டும் போதாது, டிடிஎஸ் இருக்கிறதே. அதற்காக முழுப் படத்தையும் என்கோட் செய்யத் தேவையில்லை. காட்சியைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றலாம்:

```
ffmpeg -i padam.mkv -map 0:v:0 -map 0:a:0 -c:v copy -c:a aac -b:a 192k -ac 2 padam.mp4
```

ஒலியைச் சுருக்குவது காட்சியைச் சுருக்குவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய வேலை. இரண்டு மணி நேரப் படத்துக்கும் சாதாரணக் கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எவ்வளவு மாறியது என்பதைக் கணக்குப் போட்டே சரிபார்க்கலாம். ஒலி 768 கிலோபிட்டிலிருந்து 192 ஆகக் குறைகிறது, வித்தியாசம் நொடிக்கு 576 கிலோபிட். 7,200 நொடிக்கு அது ஏறத்தாழ 518 எம்பி. 3.57 ஜிபி கோப்பு 3.05 ஜிபி அளவில் வந்தால், காட்சி அப்படியே இருக்கிறது, ஒலி மட்டும்தான் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

`-ac 2` ஆறு சேனல் ஒலியை இரண்டாக்குகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு அது போதும். டிவியோடு 5.1 ஸ்பீக்கர் அமைப்பு இணைந்திருந்தால் ஏஏசிக்குப் பதிலாக `-c:a ac3 -b:a 640k` கொடுத்து, `-ac 2` என்பதை விட்டுவிடுங்கள். ஆறு சேனலும் தங்கும், ஏசி3யைப் படிக்கும் டிவிகளும் அதிகம்.

சப்டைட்டிலை வேண்டுமென்றேதான் விட்டேன். எம்கேவிக்குள் இருக்கும் எஸ்ஆர்டி வகை எழுத்துகளை எம்பி4 அப்படியே ஏற்காது. `-map 0:s:0` போட்டு, `-c:s mov_text` என்று மாற்றித்தான் உள்ளே வைக்க முடியும். அப்படி வைத்ததைக் காட்டாத டிவிகளும் உண்டு. தனிக் கோப்பாக எடுத்து, படத்தின் பெயரிலேயே பக்கத்தில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி:

```
ffmpeg -i padam.mkv -map 0:s:0 padam.srt
```

முழு என்கோட் கடைசி வழி. காட்சியை ஒவ்வொரு சட்டகமாக விரித்து மறுபடி சுருக்க வேண்டும். கணினியைப் பொறுத்து இரண்டு மணி நேரப் படத்துக்கு மணிக்கணக்கில் ஆகலாம். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் ஏதோ கொஞ்சம் விவரம் தொலையும். தரத்தை உயர்த்தி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போனது திரும்ப வராது.

இது அவசியமாகும் சூழ்நிலைகள் இருக்கின்றன. சாதனத்துக்கு அந்தக் காட்சிக் கோடெக்கே தெரியாவிட்டால் வேறு வழியில்லை. பழைய டிவியில் எச்.265 படம் அப்படித்தான், எந்தக் கன்டெய்னரில் வைத்தாலும் ஓடாது. இன்னும் நயமான ஒரு வகை உண்டு. `ffprobe` விடையில் `h264` என்றே இருக்கும், ஆனால் பக்கத்தில் `High 10`, `yuv420p10le` என்று இருக்கும். அது 10 பிட் எச்.264. டிவிகளிலும் போன்களிலும் உள்ள டீகோடர் சிப்புகள் பெரும்பாலும் 8 பிட் எச்.264 மட்டும்தான் படிக்கும். பெயரைப் பார்த்து எச்.264தானே என்று ரீமக்ஸ் செய்தால் சத்தம் வரும், திரை கறுப்பாகவோ கட்டம் கட்டமாகவோ இருக்கும். அப்போது காட்சியைத்தான் மாற்ற வேண்டும்:

```
ffmpeg -i padam.mkv -map 0:v:0 -map 0:a:0 -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k -ac 2 padam.mp4
```

`-crf` எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். எதுவும் சொல்லாவிட்டால் 23 எடுத்துக்கொள்ளும், 20 என்பது தரத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த தேர்வு.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது காட்சியை எப்போதும் மறுபடி என்கோட் செய்யும், அப்படியே நகலெடுக்கும் வசதி அதில் கிடையாது. ரீமக்ஸ் போதுமான கோப்பை அதில் போட்டால் மணிக்கணக்கில் காத்திருந்து, தரம் குறைந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வருவீர்கள். ரீமக்ஸ் மட்டும் வேண்டுமென்றால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் அதை மவுஸாலேயே செய்து தரும்.

தப்பான வழியை எடுத்திருந்தால் எப்படித் தெரியும்

ஓடாத கோப்பு ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஓடாமல் போவதில்லை. பட்டியலிலேயே தெரியாவிட்டால், பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனைச் சாதனம் கணக்கில் எடுக்கவில்லை. பட்டியலில் தெரிந்து, திறக்கவே முடியாவிட்டால் கன்டெய்னரைச் சந்தேகியுங்கள், பெயரும் உள்ளடக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால் ஒலிக் கோடெக். சத்தம் வந்து படம் வராவிட்டால் காட்சிக் கோடெக். இது இரும்புச் சட்டம் இல்லை. ஒரு ஸ்ட்ரீம் புரியாவிட்டால் முழுக் கோப்பையும் மறுக்கும் சாதனங்களும் இருக்கின்றன. ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு இது போதும்.

மாற்றி முடித்ததும் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். நடுவில் ஓரிடத்துக்குத் தாவுங்கள், கடைசிப் பத்து நிமிடத்துக்கும் தாவுங்கள். தாவியதும் உடனே படம் வந்தால் அட்டவணை சரியாக இருக்கிறது. கடைசியில் உதட்டசைவும் வசனமும் பொருந்தினால் நேரக் குறிகளும் சரி. பழைய ஏவிஐ கோப்புகளை ரீமக்ஸ் செய்யும்போது இந்த நேரக் குறிகள்தான் அடிக்கடி தகராறு செய்யும், ஏனென்றால் ஏவிஐயில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் தனியாக நேரம் எழுதப்படுவதில்லை. அப்படி வந்தால் `-i` என்பதற்கு முன்னால் `-fflags +genpts` சேர்த்து முயன்று பாருங்கள்.

மூலக் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். மேலே உள்ள கட்டளைகள் முதல் காட்சியையும் முதல் ஒலியையும் மட்டும்தான் எடுக்கின்றன. எம்கேவியில் இரண்டாவது மொழி ஒலியோ, சப்டைட்டிலுக்கான எழுத்துருவோ, வேறு சப்டைட்டிலோ இருந்தால் அவை எம்பி4இல் இருக்காது. இடம் போதாமல் இரண்டில் ஒன்றை அழிக்க வேண்டும் என்றால் எம்பி4ஐ அழியுங்கள். எம்கேவியிலிருந்து அதைச் சில நிமிடங்களில் மறுபடி உருவாக்கிவிடலாம், டிடிஎஸ்ஸின் ஆறு சேனலை எம்பி4இலிருந்து மீட்க முடியாது.